ஆகாரத்தில் முடியும் கேள்விகள்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில், ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்களுக்காக ஆற்றிய உரை)

    

நேர்காணலுக்குக் கேள்வி எழுதுவது எப்படி என்பதுபற்றி அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் திரைப்படத்துறையைச் சேர்ந்தவன் அல்லேன். முப்பது ஆண்டுகளாகக் கேள்வித்தாள் தயாரித்து வருபவன். அந்த அனுபவம் இந்த வேலைக்கு எவ்வளவு உதவும், எந்த இடத்தில் இடையூறாகும் என்பதை நம் பிள்ளைகள் மூவரோடு சேர்ந்து அலைந்தபோதுதான் நானே அறிந்துகொண்டேன். ஆகவே அந்த ஒரு நிகழ்ச்சியையே விரிவாகச் சொல்லுகிறேன்.

இந்த வெள்ளிவிழாவுக்காக அரைமணி நேர ஆவணப்படம் ஒன்று எடுப்பதென்று சங்கம் முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். நம் தெருவில் இன்று எண்பதைக் கடந்தவர்கள் சிறுவயதில் எப்படிப் படித்தார்கள், ஏன் படிப்பை விட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்யவேண்டும் என்பது திட்டம். முதலில் சென்ற இடம் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் வீடு. பிள்ளைகளுக்கு அவர் ஆயா. கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, சட்டையில் ஒலிவாங்கியைச் செருகி, பதினான்கு கேள்விகள் எழுதிய தாளோடு அமர்ந்தார்கள். ஆறு நிமிடத்தில் நேர்காணல் முடிந்துவிட்டது.

அன்று மாலை அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"ஆயா, நீங்க பள்ளிக்கூடம் போனீங்களா?"

"போனேன்பா."

"அங்க உங்ககிட்ட வேற்றுமை பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"அது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. இருக்காதா?"

"ஏன் பள்ளிக்கூடத்தை விட்டீங்க?"

"குடும்பக் கஷ்டம்தான்பா. வேற என்ன."

"இப்ப நம்ம பிள்ளைங்க படிக்கிறது உங்களுக்குச் சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்."

இப்படியே பதினான்கும் தீர்ந்தன. "ஆயாவுக்கு வயதாகிவிட்டது ஐயா, நினைவில்லை" என்றான் ஒருவன். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனெனில் கேமரா இல்லாத நேரத்தில் அவர் திண்ணையில் அமர்ந்து பேசத் தொடங்கினால் நிறுத்த ஆள் வேண்டும். தாளை வாங்கிப் பார்த்தேன். பழக்கத்தின் காரணமாகச் சிவப்பு மையை எடுத்து, ஆகாரத்தில் முடியும் கேள்விகளையெல்லாம் அடிக்கோடிட்டேன். போனீர்களா, பார்த்தார்களா, இருந்ததா, மகிழ்ச்சியா என்று பதினான்கில் பத்துக் கேள்விகள் அப்படி முடிந்தன. எஞ்சிய நான்கில் மூன்று, வயது என்ன, எந்த வகுப்பு வரை, உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்பவை. ஒன்றுதான் 'ஏன்' என்ற கேள்வி.

நம் மொழியில் வினா எழுத்துகள் ஐந்து என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். எ, ஏ, யா, ஆ, ஓ என்பவை அவை. இவற்றுள் ஆகாரமும் ஓகாரமும் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்பவை. ஆகாரம் ஒட்டிய கேள்வியில், சொல்லவேண்டிய செய்தி முழுவதையும் கேட்பவனே சொல்லி முடித்துவிடுகிறான். 'வேற்றுமை பார்த்தார்களா' என்ற கேள்வியில் 'வேற்றுமை பார்த்தார்கள்' என்ற விடை முழுமையாக அடங்கியிருக்கிறது. பதில் சொல்பவருக்கு எஞ்சியிருப்பது தலையசைப்பு ஒன்றே. பெரியம்மா குறைவாகப் பேசவில்லை. கேட்டவர்கள்தாம் அவருடைய பங்கையும் சேர்த்துப் பேசிவிட்டார்கள்.

ஆகாரத்தை நீக்கிவிட்டால் போதுமா என்றால், போதாது. 'எத்தனை', 'எந்த ஆண்டு', 'யார்' என்று தொடங்கும் கேள்விகளுக்கும் ஒரு சொல்லே விடை. 'என்ன நடந்தது', 'எப்படிச் செய்தீர்கள்' என்பவையே ஒருவரைத் தொடர்ந்து பேச வைக்கின்றன. 'ஏன்' என்பதை நான் தனியாகவே வைப்பேன். பள்ளிக்கு ஏன் வரவில்லை, பாடம் ஏன் எழுதவில்லை என்று என்னைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லுக்கு ஒரு குற்றச்சாட்டின் தொனியை ஏற்படுத்திவிட்டோம். 'ஏன்' என்றவுடன் எவரும் தம்மைக் காத்துக்கொள்ளும் விடையைத்தான் தருவார். பெரியம்மா தந்த 'குடும்பக் கஷ்டம்' அத்தகைய விடை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விடை அது. ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் வறுமையால் படிப்பை விட்டவர் என்று இதே மேடையில் நானும் ஒருமுறை பேசியிருக்கிறேன்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரிப்பார். அவற்றுள் மூன்று நமக்கு இங்கே பயன்படும். அறிவினா என்பது விடை தெரிந்தவன் கேட்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்பது இவ்வகை. அறியாவினா என்பது உண்மையாகவே தெரியாதவன் கேட்பது. ஐயவினா என்பது இதுவா அதுவா என்று இரண்டை நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்வது. பிள்ளைகளின் தாளில் இருந்தவை பெரும்பாலும் அறிவினாக்கள். அவர்கள் மனத்தில் படம் முன்பே முடிந்துவிட்டது; ஆயா அதற்குச் சாட்சி சொன்னால் போதும். பிறகு நான் திருத்தச் சொன்னபோது ஒருவன், "வறுமையால் விட்டீர்களா, சாதியால் விட்டீர்களா" என்று மாற்றி எழுதினான். அது ஐயவினா. உண்மையான காரணம் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்குமானால் அதற்கு இந்தக் கேள்வியில் இடமே இல்லை. கேள்வி எழுதியதும் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அந்தக் கேள்விக்கு அவர் என்ன விடை சொல்வார் என்று எழுதிப் பாருங்கள். உங்களால் எழுத முடிந்துவிட்டால் அது அறிவினா. அடித்துவிடுங்கள்.

அடுத்து, கேள்வியின் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். 'ஷோவா' என்றோர் ஆவணப்படம் 1985-இல் வெளிவந்தது. எடுத்தவர் பிரெஞ்சு நாட்டவராகிய கிளாட் லான்ஸ்மான். ஐரோப்பாவில் யூத மக்களை நாஜிகள் கொன்றொழித்ததைப் பற்றிய படம்; ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. பழைய படச்சுருள் ஒரு துண்டுகூட அதில் சேர்க்கப்படவில்லை. உயிர்தப்பியவர்கள், அருகில் இருந்தவர்கள், கொன்ற தரப்பினர் ஆகியோரைக் கேட்ட நேர்காணல்களாலும், அந்த இடங்களின் இன்றைய காட்சிகளாலும் மட்டுமே படம் முழுவதும் நிற்கிறது. அதில் ரால் ஹில்பர்க் என்ற வரலாற்று ஆசிரியர் தம் முறையைச் சொல்கிறார். பெரிய கேள்வியில் தொடங்கினால் சிறிய விடையே கிடைக்கும் என்று அஞ்சித் தாம் எப்போதும் சிறு விவரங்களிலிருந்தே தொடங்குவதாகக் கூறும் அவர், அந்தப் படத்திலேயே ஒரு ரயில் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக விளக்குகிறார். எந்த நிலையத்தில் ஏற்றினார்கள், எப்போது போய்ச் சேர்ந்தது, வெற்று வண்டியாக எப்போது திரும்பியது என்று அவர் சொல்லிக்கொண்டு போகும்போது நமக்கு உடல் நடுங்குகிறது.

அதே படத்தில் ஆபிரகாம் போம்பா என்ற முடிதிருத்துபவர் வருகிறார். திரெப்ளிங்கா என்னும் கொலைமுகாமில், நச்சுவாயு அறைக்குள் கொல்லப்படவிருந்த பெண்களின் தலைமுடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் அவர். லான்ஸ்மான் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கவில்லை. இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தில், ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார். எப்படி வெட்டினீர்கள், எதைக்கொண்டு வெட்டினீர்கள், அங்கே கண்ணாடி இருந்ததா? இவைதாம் கேள்விகள். முதன்முறை அவர்களைக் கண்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்ற கேள்வியையும் கேட்கிறார். அதற்குப் போம்பாவிடமிருந்து நேரான விடை வரவில்லை. அந்த இடத்தில் எதையும் உணர்வதே கடினம் என்கிறார். ஆனால் கண்ணாடி இருந்ததா என்ற கேள்விக்கோ, கண்ணாடி இல்லை, நாற்காலியும் இல்லை, பலகைகள்தாம், பதினாறு பதினேழு பேர் வெட்டினோம் என்று அந்த அறையே விடையாக வருகிறது.

கவனித்தீர்களா? 'கண்ணாடி இருந்ததா' என்பது ஆகாரத்தில் முடியும் கேள்வி! நான் இவ்வளவு நேரம் சொன்ன இலக்கணத்துக்கே மாறானது. ஆயினும் அது வேலை செய்தது. ஏனெனில் அது முடிவைக் கேட்கவில்லை, பொருளைக் கேட்டது. அந்த அறைக்குள் மனத்தால் திரும்பப் போய்ப் பார்த்தாலன்றி அதற்கு விடை சொல்ல முடியாது. ஆகையால் ஆகாரத்தை அடியோடு விலக்கவேண்டாம். 'வேற்றுமை', 'கொடுமை', 'மகிழ்ச்சி' போன்ற முடிவுச் சொல்லோடு அது சேரும்போதுதான் வாயை அடைக்கிறது. பானை, பலகை, கதவு, செருப்பு போன்ற பொருளோடு சேர்ந்தால் பல நேரங்களில் கதவைத் திறந்துவிடுகிறது. 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று தொலைக்காட்சிக்காரர்கள் கேட்பதைப் பார்த்து நாமும் கேட்கிறோம். அது நம் மொழியின் கேள்வியே அன்று. எந்தக் கிழவியும் இன்னொரு கிழவியை அப்படிக் கேட்டதில்லை.

இனி நம் பெரியம்மாவிடம் திரும்புவோம். பதினான்கு கேள்விகளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்து மட்டும் எழுதினோம். 'வேற்றுமை பார்த்தார்களா' என்பதற்குப் பதிலாக, 'பள்ளிக்கூட வாசலிலிருந்து நீங்கள் உட்கார்ந்த இடம்வரை எப்படிப் போவீர்கள், வழியில் என்னென்ன இருக்கும், சொல்லுங்கள்' என்று எழுதினோம். 'கஷ்டமாக இருந்ததா' என்பதற்குப் பதிலாக, 'பள்ளியில் தாகமெடுத்தால் என்ன செய்வீர்கள்' என்று எழுதினோம். 'ஏன் விட்டீர்கள்' என்பது, 'கடைசியாகப் பள்ளிக்குப் போன அந்த நாளைக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்' என்று ஆயிற்று. நாளைக் கேட்டால் நடந்தது வரும், காரணம் அதற்குள்ளேயே இருக்கும் என்பது என் எண்ணம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சிறு கேள்விகளை எழுதி வைத்தோம். பக்கத்தில் யார் இருந்தார், பிறகு என்ன ஆயிற்று என்பவை போன்றவை அவை. எந்தப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை மட்டும் முதல்நாளே பெரியம்மாவிடம் சொன்னோம். கேள்விகளைப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டினால் அன்றிரவே பக்கத்து வீட்டில் நன்றாகச் சொல்லி முடித்துவிடுவார். மறுநாள் கேமராவுக்கு மிஞ்சுவது சுருக்கந்தான்.

மற்றொன்றும் செய்தோம். படத்தில் கேட்பவனின் குரல் வராது என்று முடிவு செய்திருந்ததால், விடை தன்னந்தனியே நிற்கவேண்டும். 'அவன் அங்கே வந்தான்' என்றால் பார்ப்பவருக்கு விளங்காது. எனவே, "உங்களைப் பார்த்திராத ஒரு பேத்திக்குச் சொல்வதுபோல ஊரையும் ஆளையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆயா" என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டோம். அவர் மறந்தபோதெல்லாம் நினைவூட்டிக்கொண்டிராமல், முடித்த பிறகு, "யார் வந்தது?" என்று கேட்டால் பெயரோடு திரும்பச் சொன்னார்.

இரண்டாவது அமர்வு ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. அதில் ஒரு பகுதியை அவர் சொன்னபடியே சொல்லுகிறேன். தாகத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில், "தண்ணிதான் குடிப்போம்" என்றார். பையன் பதறாமல், "பானை எங்க இருந்துச்சு ஆயா?" என்றான்.

"தாழ்வாரத்துல, மணல் பரப்பி அதுமேல."

"குவளை இருந்துச்சா?"

"இருந்துச்சு, மூணு. நாங்க தொடக்கூடாது. யாராவது மொண்டு ஊத்தணும், நாங்க இப்படிப் பிடிக்கணும்" என்று இரண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக் காட்டினார். எண்பதைக் கடந்த அந்தக் கைகள் எட்டு வயதுக் கைகள்போல் குவிந்ததைப் படத்தில் நீங்களே பார்ப்பீர்கள். எந்தக் கேள்வித்தாளிலும் அதை எழுதி வரவழைக்க முடியாது.

பிறகு பையன் பேசாமல் இருந்தான். இதை நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பி.எட். படித்தவர்கள் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயரைக் கேட்டிருக்கலாம். வகுப்பறையில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், மூன்று விநாடி காத்திருந்தால் மாணவரின் விடைகள் நீள்கின்றன என்று 1970-களில் அவர் கண்டறிந்தார். விடை முடிந்ததுபோல் தோன்றும் இடத்திலும் அதே காத்திருப்பு வேண்டும் என்பதும் அவர் ஆய்வில் கிடைத்த செய்தியே. மனத்துக்குள் ஐந்துவரை எண்ணு, 'சரி ஆயா' என்று சொல்லிவிடாதே என்று பையனிடம் கூறியிருந்தேன். அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் தொடர்ந்தார்.

"ஒரு அக்கா ஊத்தும். ஊர்ப் பொண்ணுதான், நல்ல பொண்ணு. அது அன்னிக்கு வரலை. கோடை வெயிலு. யாரும் ஊத்தலை. மத்தியானம் நான் நம்ம கிணத்துக்கு ஓடியாந்து குடிச்சேன். குடிச்சிட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. பயந்துகிட்டுப் போகலை. மறுநாளு, மத்தியானம் எங்க போனன்னு கேட்டு அடிச்சாங்க. தண்ணி குடிக்கப் போனேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம் நான் போகவே இல்லை. அப்பாகிட்டயும் சொல்லலை. வேலைக்கு ஆள் வேணுமின்னு அப்பா நிறுத்திட்டாருன்னு எல்லாரும் நினைச்சிட்டாங்க. நானும் அப்படியே சொல்லிட்டு வந்தேன்."

எந்த ஆண்டு என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. அதுவும் எண்ணைக் கேட்ட கேள்விதானே. "அப்போது ஊரில் வேறு என்ன நடந்தது" என்று மாற்றிக் கேட்டபோது, "சுதந்திரத்துக்குப் பள்ளிக்கூடத்துல மிட்டாய் குடுத்தாங்களே, அதுக்கு அடுத்த கோடை" என்றார். ஆகவே 1948 எனக் கொண்டோம். இதைப்போன்ற சரிபார்ப்புக்கு, முடிவில் சில ஆம்-இல்லைக் கேள்விகளும் வேண்டும். "மிட்டாய் கொடுத்தபோது நீங்கள் பள்ளியில் இருந்தீர்களா" என்று நாங்களும் கேட்டோம்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லவேண்டும். நான் சொன்ன போம்பாவின் நேர்காணலில், அவருடைய சொந்த ஊர்க்காரரான மற்றொரு முடிதிருத்துபவரின் மனைவியும் தங்கையும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல நேர்கிறது. அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. வேண்டாம் என்று கெஞ்சுகிறார். சொல்லியே ஆகவேண்டும் என்று லான்ஸ்மான் வற்புறுத்துகிறார். கேமராவும் நிற்கவில்லை. நெடுநேரத்துக்குப் பின் அவர் சொல்லி முடிக்கிறார். அது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். உலகம் அறிந்தே தீரவேண்டிய சாட்சியம் அது என்பார்கள். இருக்கலாம். நம் தெருவில் நாம் அதைச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. நாம் கேட்பது நம் வீட்டுப் பெரியவர்களை. படப்பிடிப்பு முடிந்ததும் நாம் புறப்பட்டுவிடுவோம், கிளறிவிட்ட நினைவோடு இரவில் தனியே படுப்பவர் அவர். அடிவாங்கிய இடத்தில் பெரியம்மா நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, பையன் தானாகவே கைப்பேசியை நிறுத்திவிட்டான். நான் சொல்லிக்கொடுத்ததன்று அது. காப்பி குடித்தபின் அவரே, "போடுப்பா, மீதியைச் சொல்றேன்" என்றார்.

படத்தொகுப்பு முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டினோம். அடித்த ஆசிரியரின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவர் பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களாம். எடுத்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒன்று தோன்றியது. தண்ணீர் ஊற்றிய அந்த அக்கா யார், ஏன் அன்று வரவில்லை, பிறகு என்ன ஆனாள் என்று எவரும் கேட்கவில்லை. தாளில் ஆறாவது கேள்வியாக எழுதி வைத்தோம். அடுத்த மாதம் பெரியம்மா காலமானார்.

அவருடைய தம்பி பக்கத்து ஊரில் இருக்கிறார். அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புவரை படித்தவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அவரிடம் போகிறார்கள். 'தண்ணீர் ஊற்றிய அக்காவை உங்களுக்குத் தெரியுமா' என்று தாளில் எழுதியிருந்தார்கள். நேற்று அதை அடித்துவிட்டு, 'பள்ளியில் உங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள், அவர்கள் நின்ற இடத்தையும் ஊற்றிய விதத்தையும் சொல்லுங்கள், தாத்தா' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.